பி-வேல்யூ 0.04 வந்தா 96% உண்மைன்னு அர்த்தமா? பூவா தலையா போட்டு பாத்துடலாம்

நாலஞ்சு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல ஒரு ஸ்லைடு போட்டேன். ஆப்ல இருக்குற "வாங்கு" பட்டனோட கலரை மாத்தி, பாதி பேருக்கு பழைய கலர், பாதி பேருக்கு புது கலர்னு காட்டி ஒரு டெஸ்ட் ஓட்டுனோம், பி-வேல்யூ 0.04 வந்துச்சு, நானும் கொஞ்சம்கூட யோசிக்காம "புது பட்டன் வேலை செய்றதுக்கு 96% வாய்ப்பு"ன்னு பெரிய எழுத்துல எழுதிட்டேன். மேனேஜருக்கு செம சந்தோஷம். எல்லாருக்கும் புது பட்டனை போட்டாச்சு, ரெண்டு மாசம் ஆச்சு, சேல்ஸ் இருந்த இடத்துலயே இருக்கு.

கணக்குல தப்பு இல்ல, 0.04 சரிதான். அதை தமிழ்ல சொன்ன விதம்தான் தப்பு. அது எப்படின்னு ஒரு காசை வச்சு ஆரம்பிச்சு படிப்படியா பாப்போம். லேப்டாப்ல பைத்தான், நம்பை, சைபை மூணும் இருந்தா கூடவே ஓட்டி பாக்கலாம்.

படி 1: பி-வேல்யூ எதை அளக்குதுன்னு கையால கணக்கு போடுங்க

பாக்கெட்ல இருந்து ஒரு அஞ்சு ரூபா காசை எடுத்து 20 தடவை சுண்டுறீங்க. 15 தலை, 5 பூ. காசுல ஏதோ கோளாறான்னு சந்தேகம் வருது இல்லையா, டெஸ்ட் பண்ணுவோம்:

```python
from scipy.stats import binomtest
print(binomtest(15, 20).pvalue)
```

0.0414ன்னு வரும். இது என்ன பண்ணுச்சுன்னா, முதல்ல "இந்த காசு நல்ல காசுதான்"னு அடிச்சு வச்சுக்குச்சு. இதுக்கு பேருதான் நல் ஹைப்பாதஸிஸ், அதாவது விசேஷமா ஒண்ணும் இல்லங்குற கட்சி. அப்புறம், நல்ல காசை 20 தடவை சுண்டினா ஒரே பக்கம் 15 தடவையோ அதுக்கு மேலயோ விழறது எத்தனை தடவை நடக்கும்னு எண்ணுச்சு. 15 தலை மட்டும் இல்ல, 16, 17ன்னு 20 வரைக்கும், அதே மாதிரி பூ பக்கமும். எல்லாத்தையும் கூட்டினா நூத்துக்கு நாலு தடவை, அந்த எண்ணுதான் பி-வேல்யூ.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. காசு நல்லதுன்னு வச்சுக்கிட்டுதான் இந்த கணக்கே ஆரம்பிக்குது. ஆரம்பத்துலயே 'நல்லது'ன்னு வச்சுக்கிட்ட ஒரு கணக்கு, கடைசியில வந்து "நல்லதா இருக்க 4% வாய்ப்பு"ன்னு எப்படி சொல்லும்? அது அந்த கேள்விக்கு பதிலே சொல்லல.

மழை பெஞ்சா ரோடு ஈரமா இருக்கும், அது கிட்டத்தட்ட நிச்சயம். ஆனா ரோடு ஈரமா இருக்கேன்னு மழை பெஞ்சிருக்கும்னு சொல்ல முடியுமா, இப்பதான் தண்ணி லாரி ஒழுகிக்கிட்டே போயிருக்கும். நம்ம ஊர்ல கோடையில இருக்குற யாரும் இதுல ஏமாற மாட்டாங்க, ஆனா அதே தலைகீழ் விஷயம் பி-வேல்யூவுல வந்தா எல்லாரும் ஏமாறுவோம்.

படி 2: அதே 0.04, ரெண்டு பை

முதல் பை, ஒரு பஸ் கண்டக்டரோட பை. அதுல 1000 காசு, ஒண்ணே ஒண்ணுதான் கோளாறு காசுன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொண்ணையும் 20 தடவை சுண்டுறீங்க (சாயங்காலம் ஆயிடும், பரவால்ல). நல்ல காசு 999ல சுமார் 41 காசு வெறும் அதிர்ஷ்டத்துல ஒரே பக்கம் 15ஓ அதுக்கு மேலயோ காட்டிடும். கோளாறு காசும் மாட்டுச்சுன்னே வச்சுப்போம். பி-வேல்யூ 0.05ங்குற கோட்டுக்கு கீழ வந்தா அதை "சிக்னிஃபிகன்ட்"னு சொல்றது வழக்கம். ஆக உங்க மேஜையில "சிக்னிஃபிகன்ட்"னு 42 காசு இருக்கு, அதுல ஒண்ணுதான் நிஜ கோளாறு.

ரெண்டாவது பை ஒரு மேஜிக் காரரோடது. 1000ல 900 காசு, நாலுக்கு மூணு தடவை தலை விழற மாதிரி செஞ்ச காசு. அந்த 900ல சுமார் 555 காசு ஒரே பக்கம் 15ஓ அதுக்கு மேலயோ காட்டும், மிச்ச நல்ல காசு 100ல வெறும் 4 தான் காட்டும். இங்க மேஜைக்கு வர்றது 559, அதுல 555 நிஜம்.

ரெண்டு இடத்துலயும் நீங்க பண்ண டெஸ்ட் ஒண்ணு, சுண்டின கணக்கு ஒண்ணு, 15 தலை வந்த காசுக்கு பி-வேல்யூவும் அதே 0.0414. ஒரு பையில அந்த காசு பெரும்பாலும் நல்லது, இன்னொரு பையில பெரும்பாலும் கோளாறு. "ஹைப்பாதஸிஸ் உண்மையா இருக்க வாய்ப்பு எவ்ளோ"ங்குறதுக்கு பதில் வேணும்னா எந்த பையில இருந்து எடுத்தீங்கன்னு தெரியணும். பி-வேல்யூவுக்கு பையே தெரியாது, அது 20 சுண்டலை மட்டும்தான் பாக்குது.

என் பட்டன் எந்த பை? கலர் மாத்தி சேல்ஸ் ஏறுன கதை எத்தனை பாத்திருக்கோம்னு யோசிச்சா, கண்டக்டர் பை அளவுக்கு மோசம் இல்லன்னாலும் மேஜிக் பை கண்டிப்பா கிடையாது.

படி 3: பத்தாயிரம் டெஸ்ட் ஓட்டி பாருங்க

இதை யாரு சொன்னாலும் நம்பாதீங்க, ஓட்டி பாருங்க. கீழ இருக்குற பைத்தான் ப்ரோக்ராம் 10,000 டெஸ்ட் ஓட்டுது. பத்துல ஒரு ஐடியாதான் நிஜமா வேலை செய்யும், மிச்சம் ஒன்பதும் சும்மா. ஒவ்வொரு டெஸ்ட்லயும் குரூப்புக்கு 16 பேர், ஐடியா நிஜமா இருந்தா வித்தியாசம் ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது நல்லா பெரிய வித்தியாசம்தான்.

```python
import numpy as np
from scipy.stats import ttest_ind
rng = np.random.default_rng()
N = 10000
real = rng.random(N) < 0.1
p = np.empty(N)
for i in range(N):
    a = rng.normal(0, 1, 16)
    b = rng.normal(1 if real[i] else 0, 1, 16)
    p[i] = ttest_ind(a, b).pvalue

sig = p < 0.05
print(sig.sum(), (sig & ~real).sum() / sig.sum())
edge = (p > 0.04) & (p < 0.05)
print(edge.sum(), (edge & ~real).sum() / edge.sum())
```

முதல் வரியில சுமார் 1230, 0.37ன்னு வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். எப்படி வந்துச்சுன்னா, நிஜ ஐடியா 1000ல சுமார் 780 மாட்டுது, சும்மா ஐடியா 9000ல அஞ்சு பர்சன்ட் அதாவது 450 தப்பா உள்ள வந்துடுது. 1230ல 450 பொய். "0.05க்கு கீழ, அதனால தப்பா இருக்க 5%தான் வாய்ப்பு"ன்னு சொல்றவங்க கண்ணு முன்னாடியே மூணுல ஒண்ணுக்கு மேல பொய். அந்த 5% எங்க போச்சுன்னு கேட்டா, அது சும்மா ஐடியா 9000க்குள்ள 5%. சிக்னிஃபிகன்ட் ஆனதுக்குள்ள 5% கிடையாது. வகுக்குற எண் வேற, அவ்ளோதான் விஷயம்.

ரெண்டாவது வரிதான் எனக்கு முதல் தடவை பாத்தப்போ வயித்தை கலக்குச்சு. 0.04க்கும் 0.05க்கும் நடுவுல வந்த ரிசல்ட்டை மட்டும் எடுத்தா சுமார் 120 இருக்கும், அதுல முக்கால்வாசி பொய். என் பட்டன் மாதிரி கோட்டை ஒட்டி வர்ற ரிசல்ட் எல்லாம் இந்த கூட்டத்துலதான் உக்காந்திருக்கு. காரணம் சுலபம்: நிஜ ஐடியாவுக்கு பி-வேல்யூ பெரும்பாலும் 0.001, 0.01ன்னு நல்லா கீழ போய் விழும், கோட்டுக்கு பக்கத்துல கொஞ்சமாதான் விழும். சும்மா ஐடியாவுக்கு 0ல இருந்து 1 வரைக்கும் எல்லா இடத்துலயும் சமமா விழும், அதனால அந்த சின்ன இடுக்குலயும் அதோட பங்கு 90 வந்துடுது.

இப்ப `0.1`ஐ `0.5`ன்னு மாத்தி ஓட்டுங்க, அதாவது பாதி ஐடியா நிஜம்னு தாராளமா வச்சுக்கிட்டா. மொத்த சிக்னிஃபிகன்ட்ல பொய் 6% கிட்ட இறங்கிடும், ஆனா அந்த இடுக்குல அப்பவும் கால்வாசி பொய். உங்க வேலையில அந்த எண் 0.1ஆ 0.5ஆன்னு டேட்டா தானா சொல்லாது, உங்க ஃபீல்டுல முன்னாடி நடந்தத வச்சு நீங்கதான் சொல்லணும். அது பிடிக்கலன்னு அதை சைபரா நினைச்சு மறந்துட முடியாது, ஏன்னா "96% உண்மை"ன்னு எழுதுறப்போ நீங்க ஏற்கனவே சத்தமில்லாம ஒரு பையை தேர்ந்தெடுத்துட்டீங்க.

0.05ங்குற கோடும் வானத்துல இருந்து விழல. 1925ல ரொனால்ட் ஃபிஷர் தன் புத்தகத்துல வசதிக்காக எழுதுன எல்லை அது, கைக்கு அடக்கமா இருக்குன்னு உலகமே பிடிச்சுக்குச்சு.

படி 4: திரும்ப ஒரு தடவை, புது டேட்டாவோட

1230ஐயும் புது ஆளுங்களை வச்சு மறுபடி டெஸ்ட் பண்ணா? பொய் 450ல 5% தான் ரெண்டாவது தடவையும் தப்பும், சுமார் 22. நிஜம் 780ல 600 சொச்சம் மறுபடி பாஸ் ஆகும். பொய்யோட பங்கு 37ல இருந்து 4%க்குள்ள வந்துடுச்சு. ஒரே ஒரு தடவை திரும்ப பண்ணதுக்கு இது பெரிய லாபம். ஆனா டேட்டா நிஜமாவே புதுசா இருக்கணும், பழைய டேட்டாவோட புதுசை ஒட்டி தினமும் எட்டிப்பாத்து 0.05 தொட்ட அன்னைக்கு நிறுத்துனா இந்த கணக்கு எதுவும் செல்லாது.

நிஜ உலகத்துல இதை பண்ணி பாத்திருக்காங்க. சைக்காலஜி பத்திரிகைகள்ல வந்த 100 ஆராய்ச்சியை பெரிய குழுவா சேந்து திரும்ப செஞ்சு 2015ல ரிசல்ட் வெளியிட்டாங்க. முதல் தடவை 97 சிக்னிஃபிகன்ட், ரெண்டாவது தடவை 36%தான். மிச்சம் எல்லாம் பொய்னு அர்த்தம் இல்ல, சிலது நிஜமா இருந்தும் அந்த தடவை மாட்டாம போயிருக்கும். ஆனா 0.05 பாஸ் ஆனா 95% உண்மைன்னு நினைச்சவங்களுக்கு இந்த 36 ஜீரணிக்க கஷ்டம்.

படி 5: ஸ்லைடுல என்ன எழுதுறது

எழுதுனதை சத்தமா படிங்க. "வாய்ப்பு"ங்குற வார்த்தைக்கு பக்கத்துல ஹைப்பாதஸிஸ் இருந்தா அடிச்சுடுங்க, டேட்டா இருந்தா விடலாம். என் ஸ்லைடு இப்படி இருந்திருக்கணும்: "கலரால எந்த வித்தியாசமும் இல்லன்னு வச்சுக்கிட்டா, இவ்ளோ பெரிய வித்தியாசமோ அதுக்கு மேலயோ தற்செயலா வர 4% வாய்ப்பு." கூடவே வித்தியாசம் எவ்ளோன்னு ஒரு எண், அது எங்க இருந்து எங்க வரைக்கும் இருக்கலாம்னு ஒரு ரேஞ்ச். நீளமாதான் இருக்கு, மேனேஜருக்கு பிடிக்காது, தெரியும்.

நாங்க அப்புறம் அந்த பட்டனை புது ஆளுங்க மேல மறுபடி டெஸ்ட் பண்ணோம். 0.38 வந்துச்சு. மேனேஜர் ஒரு நிமிஷம் ஸ்லைடையே பாத்துட்டு, "சரி சார், அப்போ 62% வேலை செய்யுதுன்னு போட்டுக்கலாமா?"ன்னு கேட்டாரு. நான் பாக்கெட்ல அஞ்சு ரூபா காசை தேட ஆரம்பிச்சேன்.