ஒரே நிறுவனத்தில் பதவி உயர்வு: ரெஸ்யூமேயில் வளர்ச்சியை மறைத்துவிடும் தவறுகள்

ஒருவர் 2017-இல் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளராகச் சேர்கிறார். 2019-இல் மூத்த கணக்காளர், 2022-இல் கணக்குப் பிரிவு மேலாளர். ரெஸ்யூமேயில் அவர் எழுதுவது ஒரே வரி: "கணக்குப் பிரிவு மேலாளர், 2017 முதல் இன்று வரை."

இதில் இரண்டு சிக்கல். இரண்டு முறை மேலே வந்தவர் என்பதே தெரியாமல் போகிறது. அதைவிட மோசம், 2017-லிருந்தே மேலாளர் என்று அர்த்தமாகிறது. பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும்போது தேதி பொருந்தாவிட்டால் பொய் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மூன்று பதவிகளையும் நிறுவனப் பெயரோடு தனித்தனி வேலைகளாக எழுதினால், வேகமாகப் புரட்டுகிறவர் கண்ணுக்கு அடிக்கடி வேலை மாறியவர்போலத் தெரியும். நிறுவனத்தின் பெயரையும் மொத்தக் காலத்தையும் மேலே ஒரு முறை எழுதுங்கள். அதன் கீழே ஒவ்வொரு பதவியும் அதற்குரிய தேதியோடு வரட்டும், புதியது முதலில்.

சரி, தேதிகள் ஒழுங்காகிவிட்டன. பெரும்பாலான ரெஸ்யூமேக்கள் கோட்டைவிடுவது இதற்கு அப்புறம்தான். மூன்று பதவிகளின் கீழும் "பில் சரிபார்த்தல், மாதாந்திரக் கணக்கு, அறிக்கை தயாரித்தல்" என்று அதே வேலைகள். பதவியின் பெயர் மட்டும் மாறி வேலை மாறாவிட்டால், சம்பளத்துக்காகக் கொடுத்த உயர்வு என்றே படிப்பவர் நினைப்பார்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி, ஒரே வேலையை எடுத்துக்கொண்டு அதில் உங்கள் பொறுப்பு எப்படி மாறியது என்று காட்டுவது. இவர் விஷயத்தில் மாதக் கணக்கு முடிப்பை எடுத்துக்கொள்ளலாம்:

மேலாளர் (2022 முதல்): மூன்று கிளைகளின் மாதக் கணக்கு முடிப்புக்கும் பொறுப்பு; 6 பேர் கொண்ட குழு; இறுதி ஒப்புதல் தருபவர்.

மூத்த கணக்காளர் (2019–2022): ஒரு கிளையின் மாதக் கணக்கைத் தனியாக முடித்தார், இரண்டு உதவியாளர்களின் பதிவுகளைச் சரிபார்த்தார்.

உதவியாளர் (2017–2019): சப்ளையர் பில்களைப் பதிவு செய்து, மாத முடிவில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டார்.

கீழிருந்து மேலே படித்தால் பதிவு செய்தவர், தானே முடித்தவர், ஒப்புதல் தருபவர் என்று பொறுப்பு ஏறுவது தெரிகிறது. எத்தனை பேர், எத்தனை கிளை, யாருடைய கையெழுத்து: பொறுப்பின் அளவைச் சொல்பவை இவைதான். "சிறப்பாகச் செயல்பட்டார்" என்பது எதையும் சொல்வதில்லை. பழைய பதவிக்கு ஓரிரு வரி போதும். இடம் முழுக்க இப்போதைய பதவிக்குப் போகட்டும்.

"கிரேடு 4" போன்ற உள் பெயர்கள் வெளியாட்களுக்குப் புரியாது. அதிகாரப்பூர்வப் பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் அந்த வேலை என்ன என்று சேர்த்துவிடுங்கள். பொறுப்பு கூடியும் பதவியின் பெயர் மாறவில்லையென்றால் புதிய பெயரை நீங்களாக உருவாக்க வேண்டாம். அதே பதவியின் கீழ், "2021 முதல் இரண்டாவது கிளையின் கணக்கும் சேர்ந்தது" என்று தேதியோடு எழுதினாலே வளர்ச்சி தெரிந்துவிடும்.