எம்எஃப்சிசி கணக்கில் சத்தமில்லாமல் நுழையும் தவறுகள்

எம்எஃப்சிசி என்பது பேச்சொலியின் ஒரு சிறு துண்டை, அதாவது ஒரு ஃபிரேமை, இங்கே 13 எண்களாகச் சுருக்கும் முறை. அதைக் கணக்கிடும் பைதான் கோடு தப்பாக இருந்தாலும் அந்த 13 எண்கள் வந்துவிடும். எரர் வராது, பார்வைக்கும் நியாயமான எண்களாகவே தெரியும். அதனால்தான் இதில் தவறைப் பிடிப்பது கடினம். ஒரே ஒரு ஃபிரேமை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியும் எதற்காக இருக்கிறது, அது கெட்டுப்போனால் எப்படித் தெரியும் என்று பார்ப்போம்.

ஒருவர் "ஆ" என்கிறார். குரல்வளை நொடிக்கு 120 முறை அதிர்கிறது. பதிவு 16,000 ஹெர்ட்ஸ். 25 மில்லிசெகண்ட் எடுத்தால் 400 சாம்பிள்கள். அதற்குள் மூன்று அதிர்வுகள் அடங்கும். அந்தச் சிறு நேரத்தில் வாயின் வடிவம் பெரிதாக மாறாது, அதே சமயம் ஸ்பெக்ட்ரம் பார்க்கப் போதுமான அலையும் கிடைக்கும். 25 மில்லிசெகண்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இதுதான். முதல் தவறும் இங்கேதான். 400 என்ற எண்ணைக் கோடில் அப்படியே எழுதிவிட்டு, பிறகு 8,000 ஹெர்ட்ஸ் பதிவைக் கொடுத்தால் ஃபிரேம் 50 மில்லிசெகண்ட் ஆகிவிடும். நீளத்தை எப்போதும் மில்லிசெகண்டில் வைத்து, சாம்பிள் எண்ணிக்கையை அதிலிருந்து கணக்கிடுங்கள்.

உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும் `y[n] = x[n] - 0.97*x[n-1]` படி ஏற்கனவே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி இவ்வளவுதான்:

```python
w = np.hamming(400)
P = np.abs(np.fft.rfft(frame * w, 512))**2
E = fb @ P
L = np.log(np.maximum(E, 1e-10))
c = dct(L, type=2, norm='ortho')[:13]
```

விண்டோ எதற்கு? அலையை நடுவில் வெட்டி எடுத்திருக்கிறோம். வெட்டிய ஓரங்கள் திடீரென்று முடிந்தால், அந்தத் திடீர் முடிவே இல்லாத அதிர்வெண்களைக் கொண்டுவந்து ஸ்பெக்ட்ரம் முழுக்கச் சிந்திவிடும். ஹாமிங் விண்டோ இரு ஓரங்களையும் 0.08 வரை இறக்குகிறது. இதில் பலரும் செய்யும் பிழை, 400 சாம்பிளுக்குப் பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்து 512 ஆக்கிவிட்டு, அதன் மேல் 512 நீள விண்டோவைப் போடுவது. அப்போது கடைசி உண்மையான சாம்பிளில் விண்டோவின் மதிப்பு சுமார் 0.45. அங்கிருந்து நேராக பூஜ்யத்துக்கு விழுகிறது. எந்த வெட்டை மறைக்க விண்டோ போட்டோமோ, அந்த வெட்டு ஒரு பக்கம் அப்படியே இருக்கிறது. விண்டோ முதலில், பூஜ்யம் பிறகு.

சரி, இப்போது கையில் 257 பின்கள், அதாவது அதிர்வெண் புள்ளிகள், ஒவ்வொன்றும் 31.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில். இதில் 120 ஹெர்ட்ஸுக்கு ஒரு முகடாக ஹார்மோனிக்குகள் தெரியும். நமக்கு அவை வேண்டாம். அவற்றின் மேல் படர்ந்திருக்கும் மேடுபள்ளம், அதாவது வாயின் வடிவம்தான் வேண்டும். கோடில் `fb` என்று இருக்கும் மெல் ஃபில்ட்டர்கள் அந்த முகடுகளைச் சேர்த்து அள்ளுகின்றன, காது கேட்பதைப் போலக் கீழே நெருக்கமாகவும் மேலே அகலமாகவும். `2595*log10(1 + f/700)` சூத்திரப்படி 26 ஃபில்ட்டர்களைப் பரப்பினால், முதல் ஃபில்ட்டர் 0 முதல் சுமார் 144 ஹெர்ட்ஸ் வரை, கடைசி ஃபில்ட்டர் சுமார் 6,520 முதல் 8,000 வரை.

நிறைய ஃபில்ட்டர் வைத்தால் நுணுக்கம் கூடும் என்று நினைத்து 128 வைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் ஃபில்ட்டர் 0 முதல் சுமார் 28 ஹெர்ட்ஸ் வரை சுருங்கிவிடும். நம் பின்களோ 0, 31.25 என்று போகின்றன. பூஜ்யத்தில் ஃபில்ட்டரின் எடையும் பூஜ்யம். ஆக அந்த ஃபில்ட்டருக்குள் ஒரு பின்கூட விழவில்லை, அது எப்போதும் பூஜ்யத்தையே தரும். ஃபில்ட்டர் ஓரங்களை முழு பின் எண்களாக மாற்றும் கோடில் இப்படிக் காலியாவது இன்னும் அதிகம். `(fb.sum(axis=1) == 0).sum()` போட்டால் உடனே தெரியும். விடை 0 ஆக இருக்க வேண்டும்.

ஒரு ஃபில்ட்டர்தானே என்று விட முடியாது. பூஜ்யத்தின் லாக் எதிர்ம முடிவிலி. 1e-10 என்று அடித்தளம் போட்டிருந்தால் -23. லாக்குக்கு அடுத்த படியில் வரும் டிசிடி என்ற கோசைன் உருமாற்றம் எல்லா ஃபில்ட்டர்களையும் கலந்துதான் ஒவ்வொரு எண்ணையும் உண்டாக்குகிறது. ஓர் ஓட்டை 13 எண்களுக்கும் பரவிவிடும்.

அடுத்தது லாக். இந்தக் கணக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன். குரல்வளையின் அதிர்வு, வாயின் வடிவம், மைக்கின் தன்மை, ஒலியின் அளவு எல்லாம் ஸ்பெக்ட்ரத்தில் பெருக்கலாகச் சேர்ந்திருக்கின்றன. லாக் எடுத்ததும் அவை கூட்டலாகிவிடும். கூட்டல் என்றால் பிரிக்கலாம். இதிலிருந்தே ஓர் அருமையான சோதனை கிடைக்கிறது. ஃபிரேமை 2 ஆல் பெருக்குங்கள். பவர் 4 மடங்காகும். 26 லாக் மதிப்புகளும் சரியாக 1.386 கூடும். எல்லாம் ஒரே அளவு கூடுவதால் டிசிடிக்குப் பிறகு `c[0]` மட்டும் மாறும், சுமார் 7.07 கூடும். மற்ற 12 எண்களும் அசையக் கூடாது.

அசைந்தால் எங்கோ கோளாறு. மேலே சொன்ன 128 ஃபில்ட்டர் கோடில் இதைச் செய்து பார்த்தால், ஒரே ஒரு காலி ஃபில்ட்டர் கூடாமல் நின்றதால் மற்ற எண்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.17 குறையும். லாக் முடிவிலிக்குப் பயந்து `np.log1p(E)` எழுதியிருந்தால் இன்னும் மோசம். -1 முதல் 1 வரையிலான அளவில் படித்த பதிவில் மெல்லிய ஒலியின் மதிப்புகள் 1 ஐவிட மிகச் சிறியவை. அங்கே log1p என்பது ஏறக்குறைய E யேதான். லாக் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம், எடுத்திருக்க மாட்டோம். அப்போது 13 எண்களும் கிட்டத்தட்ட 4 மடங்காகும். சோதனைக்குத் தெளிவான ஓர் உயிரெழுத்து ஃபிரேமை எடுங்கள். மௌனத்தில் 1e-10 அடித்தளமே இடையில் புகுந்துவிடும்.

கடைசியாக டிசிடி. பக்கத்துப் பக்கத்து ஃபில்ட்டர்கள் பாதி ஒன்றின் மேல் ஒன்று படிவதால் அவற்றின் மதிப்புகள் சேர்ந்தே ஏறி இறங்கும். டிசிடி அந்தச் சார்பைப் பெருமளவு அவிழ்த்து, வடிவத்தை மெதுவான வளைவிலிருந்து வேகமான நெளிவு வரை வரிசைப்படுத்துகிறது. `c[1]` என்பது கீழ்ப்பாதிக்கும் மேல்பாதிக்கும் உள்ள வேறுபாடு: "ஆ" வில் பொதுவாக நேர்மம், "ஸ்" இல் எதிர்மம். முதல் 13 ஐ மட்டும் வைப்பதால் ஹார்மோனிக்கின் மிச்சசொச்ச நெளிவு வெளியேறுகிறது. குழந்தையின் குரல் போல 300 ஹெர்ட்ஸ் என்றால் முகடுகள் கீழ் ஃபில்ட்டர்களின் அகலத்தைவிட விலகி நிற்கும். கொஞ்சம் உள்ளே கசியத்தான் செய்யும். அது கோடின் தவறல்ல, முறையின் எல்லை.

ஒரு ஃபிரேமில் சரியாக வந்த கோடு முழுப் பதிவில் கெடுவது இந்த வரியில்தான். அணி (26, ஃபிரேம்கள்) என்ற வடிவில் இருக்க, `scipy.fft.dct` ஐ அப்படியே அழைத்தால் அது கடைசி அச்சில், அதாவது நேரத்தின் வழியே ஓடும். `axis=0` கொடுக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் எண்கள் `librosa` நூலகம் தருவதோடு பொருந்தவில்லை என்றால் உடனே தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். அது இயல்பாக டெசிபலில் லாக் எடுக்கிறது, நம்முடையதைவிட 4.34 மடங்கு. மெல் அளவும் வேறு: 1,000 ஹெர்ட்ஸ் வரை நேர்கோடு, `htk=True` கொடுத்தால்தான் மேலே உள்ள சூத்திரம். இரண்டும் சரியானவையே. ஒன்றில் பயிற்சி கொடுத்த மாடலுக்கு மற்றொன்றின் எண்களை ஊட்டுவதுதான் தவறு.