சுகர், பிரஷர் முகாம் நடத்தப் போகிறீர்களா?

நூறு பேர் வரும் முகாமுக்குப் பெயர் பதிய ஒருவர், பிரஷர் பார்க்க இரண்டு நர்ஸ், சுகருக்கு ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு டாக்டர் போதும். பிரஷர் மேஜைக்கு முன் பத்து நாற்காலி கட்டாயம் போடுங்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கு உடனே பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடமாவது உட்காரட்டும். பருமனான கைக்குப் பெரிய கைப்பட்டை ஒன்றும் வேண்டும், சிறியதைக் கட்டினாலும் அளவு ஏறும்.

140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்று விட்டு மறுபடி பாருங்கள். 180/110 தாண்டினால் அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும். விரல்நுனி சோதனையில் சுகர் 140க்கு மேல் என்றால் அது நோய் முடிவல்ல, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பெரும்பாலான முகாம்கள் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். பரிந்துரைச் சீட்டை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்று அவருக்கு, இன்னொன்று உங்களுக்கு. எந்த ஆரம்ப சுகாதார நிலையம், என்ன கிழமை என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்து, போனாரா என்று கேளுங்கள். போகாதவர் பட்டியலை மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் கொடுத்தால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள்.