சாட் நீளும்போது பதில் கெடுகிறதா? அளப்பதில் நடக்கும் தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஏஐ சாட்டில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஒரே சாட்டில் அறுபது பகுதிகளை முடித்திருந்தார். "தரம் குறையவில்லையா?" என்று கேட்டேன். "அப்பப்போ கேட்டுப் பார்க்கிறேன் சார், விதியெல்லாம் ஞாபகம் இருக்குன்னு சொல்லுது" என்றார். எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் நானும் இதையேதான் செய்து மாட்டிக்கொண்டேன்.

சாட் நீண்டால் பதில் கெடும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். பழைய செய்திகள் மொத்தமும் ஒவ்வொரு முறையும், பதில் எழுதும் ஏஐ மாடலுக்குத் திரும்பப் போகின்றன. அந்தக் குவியலில் நீங்கள் முதலில் சொன்ன விதி மங்கிவிடுகிறது. எப்போது மங்கியது, எப்போது புது சாட்டுக்குப் போக வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

"ஞாபகம் இருக்கா?" என்று கேட்பது

எனக்கு வந்த வேலை, ஒரு தையல் மெஷின் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது. நூற்றுச் சொச்சம் சின்னப் பகுதிகள். முதல் செய்தியிலேயே ஆறு விதிகள் கொடுத்தேன். அதில் ஒன்று, பாபினை 'பாபின்' என்றே எழுத வேண்டும் என்பது. தையற்காரர் யாரும் அதை வேறு பெயரில் சொல்வதில்லை.

முதல் இருபது பகுதிகள் அருமையாக வந்தன. முப்பதைத் தாண்டியதும் எங்கோ ஒரு 'நூல்கண்டு' எட்டிப் பார்த்தது. சந்தேகம் வந்து, "முதலில் சொன்ன ஆறு விதிகளைச் சொல்" என்றேன். ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. அடுத்த இரண்டு பகுதிகளும் சுத்தமாக வந்தன. சரி, அது தற்செயல் என்று மேலே போய்விட்டேன். பத்துப் பகுதிக்கு ஒருமுறை இதே கேள்வி, இதே ஒப்பித்தல், இதே நிம்மதி.

அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் படித்தபோதுதான் தெரிந்தது: பாபின் என்று வரவேண்டிய இடங்களில் நூல்கண்டும் நூல் சுருளும் கலந்து கிடந்தன. வெறும் சொல் பிரச்சினை என்றால்கூட விட்டிருப்பேன். நூல்கண்டு மேலே கம்பியில் இருப்பது, பாபின் ஊசித் தட்டுக்குக் கீழே இருப்பது. 'நூல்கண்டைக் கழற்றுங்கள்' என்று படிப்பவர் மேல் நூலை உருவிவிட்டு, கீழே சிக்கிய நூலை அப்படியே விட்டுவிடுவார். மூன்று இரவு உட்கார்ந்து திருத்தினேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நான் அளக்காமல் இல்லை. அளந்த விதம்தான் தப்பு.

அந்தக் கேள்வியில் இரண்டு கோளாறுகள் உண்டு. விதியைச் சொல்லச் சொன்னால் தேடி எடுத்துச் சொல்வது மாடலுக்குச் சுலபம். வேறு வேலையில் இருக்கும்போது, யாரும் நினைவூட்டாமல் அந்த விதியைக் கடைப்பிடிப்பது வேறு விஷயம். நமக்கு வேண்டியது இரண்டாவது, நான் சோதித்தது முதலாவது.

அடுத்த கோளாறு இன்னும் மோசம். விதிகளை ஒப்பிக்க வைத்ததும் அவை சாட்டின் கடைசியில் புதிதாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதனால்தான் அடுத்த இரண்டு பகுதிகள் சுத்தமாக வந்தன. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கும்போதே மாத்திரையையும் கொடுத்த கதை. அதன் பலன் குறைந்த பிறகு வந்த பகுதிகளை நான் கவனமாகப் பார்க்கவில்லை.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். வேலையைத் தொடங்கும் முன்பே மூன்று சோதனைப் பத்திகளை எடுத்து வைத்துக்கொள்வேன். ஒவ்வொன்றிலும் ஆறு விதிகளும் சோதிக்கப்படும்படி பார்த்துக்கொள்வேன். மூன்று பத்தி, ஆறு விதி, ஆக 18 இடங்கள். பத்துப் பகுதிக்கு ஒருமுறை சோதனை. அதைச் சாட்டின் முக்கிய ஓட்டத்தில் வைக்க மாட்டேன். பல ஆப்களில் நாம் அனுப்பிய செய்தியை எடிட் செய்தால் அங்கிருந்து ஒரு கிளை பிரியும். கடைசிச் செய்தியை எடிட் செய்து, அந்த இடத்தில் சோதனைப் பத்தியைப் போடுவேன். விதியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, வழக்கம்போல "அடுத்த பகுதி" மட்டும்தான். பதிலை எடுத்துக்கொண்டு பழைய கிளைக்குத் திரும்பிவிடுவேன். சோதனை நடந்ததே முக்கிய ஓட்டத்துக்குத் தெரியாது.

அப்புறம் அதே பத்திகளை ஒரு புத்தம்புது சாட்டில், ஆறு விதிகளை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்வேன். இந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய சாட்டில் நான்கு தவறு என்றால், சாட் நீண்டதால் வந்ததா, பத்தியே கடினமா? புது சாட்டும் நான்கு தவறு செய்தால் மறுதொடக்கம் ஒன்றும் சாதிக்காது. விதியைத் தெளிவாக எழுதுவதுதான் வழி.

அதே கையேட்டின் இரண்டாம் பாகத்தை இப்படிச் செய்தபோது, 10-ஆம் பகுதியில் இரண்டு சாட்டிலும் ஒவ்வொரு தவறு. 20-இல் பழையதில் ஒன்று, புதியதில் இரண்டு. பழையது கொஞ்சம் மேலாகவே இருந்தது, அதுவரை சேர்ந்த நல்ல பதில்கள் மாதிரியாக உதவியிருக்கும். 30-இல் பழையதில் நான்கு, புதியதில் ஒன்று. 25 பகுதிக்கு ஒருமுறை புது சாட் என்று முடிவு செய்தேன். இது அந்த வேலையின் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கும்.

ஒரே ஒரு பதிலை வைத்து முடிவெடுப்பது

அதே கேள்விக்கு மாடல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிப் பதில் தரும். குறைந்தது மூன்று முறை ஓட்டுங்கள். நான் மேலே சொன்ன எண்களும் மூன்று ஓட்டத்தின் நடு எண்தான்.

அதே சாட்டில் மூன்றாவது முறையாகத் திருத்துவது

செய்யாதீர்கள். உங்கள் திருத்தத்தோடு அதன் தவறான பதில்களும் சாட்டில் தங்கிவிடுகின்றன. மைக்ரோசாஃப்ட், சேல்ஸ்ஃபோர்ஸ் ஆய்வாளர்கள் 2025-இல் ஒரு சோதனை செய்தார்கள். முழுக் கோரிக்கையையும் ஒரே செய்தியில் கொடுப்பது ஒரு விதம், அதையே துண்டு துண்டாகப் பல செய்திகளில் கொடுப்பது இன்னொரு விதம். ஆறு வகை வேலைகளில், இரண்டாவது விதத்தில் மாடல்களின் மதிப்பெண் சராசரியாக 39 சதவீதம் இறங்கியது. பாதியிலேயே ஒரு ஊகத்தைப் பிடித்துக்கொண்டு, அது தப்பானாலும் அதிலிருந்து மீளவில்லை. அதே துண்டுகளைச் சேர்த்து ஒரே செய்தியாகக் கொடுத்தபோது, இறக்கத்தில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அதனால் இரண்டு முறை திருத்தியும் சரியாகவில்லை என்றால், நீங்கள் சொன்னதையெல்லாம் ஒன்றாக்கிப் புது சாட்டில் போடுங்கள்.

பழைய சாட்டையே சுருக்கம் எழுதச் சொல்வது

சொகுசான வழி, நானும் செய்திருக்கிறேன். கெட்டுப்போன சாட் எழுதிய சுருக்கத்தில் 'இதுவரை ஒப்புக்கொண்ட சொற்கள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் பாபினுக்கு நேராக 'நூல்கண்டு'. நான் கண்டும் திருத்தாமல் விட்ட ஒன்றை அது சம்மதமாக எடுத்துக்கொண்டிருந்தது. சுருக்கத்தை நீங்களே எழுதுங்கள், அரைப் பக்கம் போதும்: விதிகள், சொல் பட்டியல், நீங்கள் சரிபார்த்த இரண்டு நல்ல பகுதிகள், எதுவரை முடிந்தது. எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது.

செய்திகளை மட்டும் எண்ணுவது

ஐந்து செய்திதான் ஆகியிருக்கும், ஆனால் அதில் ஒன்று நாற்பது பக்க பிடிஎஃப் ஆக இருக்கலாம். நீளத்தை டோக்கனில், அதாவது மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் சின்னத் துண்டுகளின் எண்ணிக்கையில் பாருங்கள். அதே விஷயம் தமிழில் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாடல் மாறிய பிறகும் பழைய எண்ணையே நம்புவது

எனது 25 இப்போது செல்லாது. ஆப்பில் மாடல் மாறியதும் அதே மூன்று பத்திகளை மறுபடி ஓட்டினேன். 40-ஆம் பகுதி வரை இரண்டு சாட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 50-இல் 'நூல் சுருள்' வந்தது.