ஆடிக் காற்றை நம்பிக் காபிக்கொட்டையைப் பரப்பாதீர்கள்

உடுமலைப்பேட்டையில் என் சித்தப்பா ஓர் ஆடி மாதத்தில் ஐந்து கிலோ பச்சைக் காபிக்கொட்டையை மொட்டை மாடியில் பரப்பினார். மங்களூரில் தென்மேற்குப் பருவக்காற்று பட்டு உருவாகும் ‘மான்சூன்ட் மலபார்’ காபியை வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதே காற்றுதானே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கும் வருகிறது என்றார். ஒன்றரை மாதத்தில் கொட்டையில் பச்சைப் பூஞ்சணம் பூத்துவிட்டது.

கொட்டையை மாற்றுவது காற்றின் வேகம் அல்ல, அதிலுள்ள ஈரம். மலைக்கு மேற்கே மழையைப் பெரும்பாலும் கொட்டிவிட்டு வரும் காற்றுதான் நம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அது பகலில் கொட்டையை உலர்த்தியது. இரவுத் தூறல் நனைத்தது. இந்த இரண்டுமே தவறு. மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் மழை கொட்டையைத் தொடுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நடக்கும் வேலை இது. முதலில் சில நாட்கள், பக்கம் திறந்த கூரையடியில் நான்கைந்து அங்குலக் கனத்தில் பரப்பி, அடிக்கடி கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு சாக்குகளில் தளர்வாக நிரப்பி, இடையே காற்றோட இடம் விட்டு அடுக்கி, வாராவாரம் கொட்டி மீண்டும் நிரப்புகிறார்கள். சுமார் 11 சதவீதமாக இருந்த ஈரம் மெல்ல மெல்ல 15, 16 வரை ஏறுகிறது. கொட்டை உப்பி, பச்சை நிறம் போய் வைக்கோல் நிறமாகிறது, புளிப்பு தணிகிறது. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காக ஐரோப்பாவுக்குப் போன காபி தற்செயலாகப் பெற்ற சுவை இது. அவசரப்படுத்தினால் வராது.

சித்தப்பா எடுத்த கொட்டையும் பொருந்தாதது. அவர் வாங்கியது தோலுரித்துக் கழுவிய பிளான்டேஷன் பீபெரி. இதற்கு எடுப்பது பழத்தை முழுதாகக் காயவைத்துப் பிறகு தோல் நீக்கும் ‘செர்ரி’ வகை.

மான்சூன்ட் மலபாரைக் கடையில் வாங்கியவர்கள் செய்யும் தவறு வேறு. கரண்டிக் கணக்கில் போட்டுவிட்டு டிகாக்‌ஷன் நீர்த்துப் போயிற்று என்கிறார்கள். 11 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ கொட்டையில் 890 கிராம் உலர்ப்பொருள். ஈரம் 15.5 சதவீதமானால் எடை ஏறத்தாழ 1,053 கிராம்தான். ஆனால் கொட்டை கண்ணுக்குத் தெரியும்படி பருத்துவிடுகிறது. எடை கொஞ்சம்தான் கூடுகிறது, பருமன் நிறையக் கூடுகிறது. அதனால் தராசில் நிறுத்துப் போடுங்கள். சிக்கரியும் வேண்டாம், இதன் மென்மையை அது மூடிவிடும். புளிப்பு குறைவு என்பதால் கஃபீன் இல்லை என்றும் எண்ண வேண்டாம்.

வறுக்கும்போது நிறத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். தொடக்கத்திலேயே வெளிறிய கொட்டை அது. மிதமான சூட்டில் தொடங்கி, வெடிப்புச் சத்தத்தைக் கேளுங்கள். வறுக்கும் முன் ஒரு கைப்பிடியை முகர்ந்தும் பாருங்கள். காய்ந்த வைக்கோல், மண் வாசனை இருந்தால் சரி. நனைந்த சாக்கு நாற்றம் அடித்தால் அது பருவக்காற்று பட்டதல்ல, கெட்டுப்போன கொட்டை. எவ்வளவு கருக வறுத்தாலும் அந்த நாற்றம் டம்ளர் வரை வரும்.