மரவரைபடப் பயிற்சித்தாளில் நுழையும் தவறுகள்

"கண்ணன் நேற்று வந்த பையனைப் பார்த்தான்." நேற்று நடந்தது எது? பையன் வந்ததா, கண்ணன் பார்த்ததா?

தொடரியல் வகுப்பு ஒன்றுக்குப் பயிற்சித்தாள் தயாரித்தபோது இந்த வாக்கியத்தைச் சேர்த்து, விடைப்பகுதியில், எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று கிளைகளாகக் காட்டும் மரவரைபடம், அதாவது மரம், ஒன்றே ஒன்றை வரைந்து கொடுத்தேன். மாணவர்களில் பலர் வேறொரு மரத்தை வரைந்திருந்தார்கள். விடையைப் பார்த்ததும் தங்கள் மரத்தை அடித்துவிட்டு என்னுடையதைப் படியெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அடித்ததும் சரியான மரம்தான். சரியாகச் சிந்தித்தவர்களைத் தவறென்று நம்பவைத்துவிட்டது அந்தத் தாள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதன் பிறகு விரிவுரையைப் பயிற்சித்தாளாக மாற்றும்போது எங்கெல்லாம் பிசகு நுழைகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினேன்.

பெரும்பாலான பிசகுகளுக்கு வேர் ஒன்றுதான்: வாக்கியங்களிலிருந்து வேலையைத் தொடங்குவது. விரிவுரைக் குறிப்பைப் புரட்டி நல்ல வாக்கியங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் மரம் வரைந்துகொண்டே போகிறோம். தொடங்க வேண்டிய இடம் விதிகள். ஆசிரியர் அந்த விரிவுரையில் எந்தெந்தத் தொடரமைப்பு விதிகளைக் கரும்பலகையில் எழுதினாரோ, அவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன வாக்கியம் வந்த விரிவுரையின் விதிகள் இவை:

```
S  → NP VP
VP → NP V
VP → Adv VP
NP → N
NP → RC N
RC → V
RC → Adv V
```

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இருப்பவையாகப் பிரியும். S வாக்கியம், NP பெயர்த்தொடர், VP வினைத்தொடர், RC பெயரெச்சத் தொடர், N பெயர், V வினை, Adv வினையடை. இரண்டாவது விதியைக் கவனியுங்கள். மொழியியலாளர் சாம்ஸ்கி 1957-ல் ஆங்கிலத்துக்குக் காட்டிய விதியில் வினை முன்னும் பெயர்த்தொடர் பின்னும் வரும். தமிழில் செயப்படுபொருள் முன்னே வந்து வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலப் பாடநூலை ஒட்டிச் செல்லும் விரிவுரைகளில் பழக்கத்தால் VP → V NP என்ற விதி அப்படியே தாளுக்கு வந்துவிடுகிறது, வாக்கியங்கள் மட்டும் தமிழில் இருக்கின்றன. விதியை நம்பிய மாணவர் மரத்தின் கீழ் சொற்களை இடம் மாற்றி எழுதுவார். வாக்கியத்தை நம்பியவர் விதியை மீறுவார். இருவரையும் திருத்த நம்மிடம் நியாயம் இருக்காது.

விதிகள் கையில் இருந்தால் எந்த வாக்கியம் தாளுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்பது உடனே தெரிந்துவிடும். மூன்று வயதுக் குழந்தையும் சொல்லும் "கண்ணன் ஆசிரியர்" என்ற வாக்கியத்துக்கு இந்த விதிகளால் மரம் வரைய முடியாது, ஏனென்றால் அதில் வினைமுற்றே இல்லை. "பையனைக் கண்ணன் பார்த்தான்" என்பதும் அப்படித்தான். பேச்சிலும் எழுத்திலும் இயல்பான தமிழ் அது. ஆனால் VP-யின் இரண்டு பகுதிகளான "பையனை", "பார்த்தான்" இரண்டுக்கும் நடுவே எழுவாய் வந்து நிற்கிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் அந்த மரத்தை வரைய இந்த விதிகள் இடம் தருவதில்லை. தாள் சலிப்பாக இருக்கிறதே என்று சொல்வரிசையை மாற்றிப் புதிய வாக்கியங்களைச் சேர்ப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சொல்வரிசை மாற்றத்தை ஆசிரியர் இன்னொரு விரிவுரையில் நடத்துவார் என்றால், அந்த வாக்கியம் அதுவரை காத்திருக்கட்டும்.

விரிவுரைக் குறிப்பிலிருந்து எடுக்கும்போது இன்னும் இரண்டு சிறிய விஷயங்கள் கைநழுவும். இலக்கணப் பிழையான வாக்கியங்களுக்கு முன்னால் ஆசிரியர் இடும் நட்சத்திரக் குறி குறிப்பேட்டில் விடுபட்டுப் போனால், தவறான வாக்கியம் பயிற்சிக்கு வந்துவிடும். அடுத்தது முக்கோணம். நேரம் மிச்சப்படுத்த, உள்ளமைப்பு வேண்டாத தொடருக்குக் கீழே ஆசிரியர் முக்கோணம் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார். விடைப்பகுதியிலும் அதே முக்கோணம் இருந்தால், அந்தத் தொடரை முழுமையாகப் பிரித்த மாணவர் தான் தவறு செய்ததாக எண்ணிக்கொள்வார். முக்கோணம் எங்கே அனுமதி, எங்கே இல்லை என்று வினாவிலேயே எழுதிவிடுவது நல்லது.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மரத்தின் கீழ்நுனியில் சொல் நிற்கும் இடமான இலையில் எதை எழுதுவது? "பையனைப் பார்த்தான்" என்பதில் உள்ள ப் அடுத்த சொல்லைப் பார்த்து வந்த ஒற்று. அடுத்து "கண்ணன்" வந்தால் அது க் ஆகிவிடும். அதை இலையில் வைக்கலாம், நீக்கலாம். வேற்றுமை உருபைத் தனிக் கணுவாகப் பிரிக்கலாம், பிரிக்காமலும் விடலாம். எதைத் தேர்ந்தாலும் தாள் முழுவதும் ஒரே முறை இருக்க வேண்டும். நான் சந்தி ஒற்றோடு, உருபோடு, வாக்கியத்தில் இருக்கும்படியே இலையை எழுதுகிறேன். இலைகளை இடமிருந்து வலமாகப் படித்தால் வாக்கியம் எழுத்து மாறாமல் திரும்ப வர வேண்டும். விடையைச் சரிபார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

மரத்தின் அமைப்பையே கோடுகள் இல்லாமல் எழுத்தில் காட்டும் அடைப்புக்குறி வடிவத்துக்கு வருகிறேன். மரத்தை ஒரு நாள் வரைந்து, அடைப்புக்குறிகளை இன்னொரு நாள் தனியாகத் தட்டச்சு செய்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அடைப்புக்குறி வடிவத்தை மட்டும் கையால் எழுதி, மரத்தை அதிலிருந்தே வரையவைக்க வேண்டும். நேற்று வந்தது பையன் என்ற பொருளுக்கான வடிவம் இது:

```
[S [NP [N கண்ணன்]] [VP [NP [RC [Adv நேற்று] [V வந்த]]
[N பையனைப்]] [V பார்த்தான்]]]
```

திறப்பவை 10, மூடுபவை 10. எண்ணிக்கை சரியாக இருப்பதால் வடிவமும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. மூடும் குறி ஒன்று இடம் மாறி இப்படி ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம்:

```
[NP [RC [Adv நேற்று]] [V வந்த] [N பையனைப்]]
```

எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. இலைகளைப் படித்தாலும் வாக்கியம் சரியாகவே வருகிறது. ஆனால் பெயரெச்சத் தொடருக்குள் "நேற்று" மட்டும் தனித்து நிற்க, "வந்த" வெளியே தள்ளப்பட்டுவிட்டது. கண் இதை எளிதில் தவறவிடும். பிடித்துக் கொடுப்பவை விதிகள்தான்: இந்த வடிவம் NP → RC V N என்ற விதியைக் கேட்கிறது, நம் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. RC → Adv என்பதும் இல்லை. கையால் பார்ப்பது கடினம் என்றால் பைத்தானில் `nltk` தொகுப்பு இரண்டு சோதனைகளையும் செய்து தரும்:

```python
from nltk import Tree
t = Tree.fromstring(s, brackets="[]")
print(" ".join(t.leaves()))
print(t.productions())
```

`s` என்பது நீங்கள் எழுதிய அடைப்புக்குறி வடிவம். முதலில் அச்சாகும் வரி வாக்கியத்தோடு ஒத்துப்போக வேண்டும். அடுத்து வரும் விதிகளில், சொல்லில் முடிபவை தவிர மற்ற ஒவ்வொன்றும் விரிவுரைப் பட்டியலில் இருக்க வேண்டும். மரத்தை லாடெக்கில் `forest` தொகுப்பைக் கொண்டு வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே `[N கண்ணன்]` என்று எழுதினால் "N கண்ணன்" என்று ஒரே கணுவாக அச்சாகும், கிளை பிரியாது. `[N [கண்ணன்]]` என்று எழுத வேண்டும். அந்த வடிவத்தை `nltk`-யிடம் கொடுத்தாலோ, அது "கண்ணன்" என்பதை இலையாக எண்ணாது. எனவே சோதனைக்கு முதல் வடிவம், அச்சுக்கு இரண்டாவது வடிவம்.

இத்தனை சோதனைகளும் கண்டுபிடிக்காத தவறு ஒன்று உண்டு. அதுதான் முதலில் சொன்ன என் தவறு. அடுத்த வடிவத்தைப் பாருங்கள்:

```
[S [NP [N கண்ணன்]] [VP [Adv நேற்று] [VP [NP [RC [V வந்த]]
[N பையனைப்]] [V பார்த்தான்]]]]
```

இதில் நேற்று நடந்தது பார்த்தல். VP இரண்டு முறை வருவதால் குறிகள் 11 ஜோடி. இலைகள் அதே வரிசையில் இருக்கின்றன, விதிகள் எல்லாம் பட்டியலில் உள்ளவை. இரண்டு மரங்களும் சோதனையில் தேறுகின்றன, ஏனென்றால் இரண்டும் சரி. நான் எழுதிய ஒரு விடையைச் சோதித்ததில் அந்த விடை சரியென்று தெரிந்தது, வேறு விடை இல்லை என்று தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்க, வாக்கியத்தைத் தமிழின் இயல்போடு படிக்க வேண்டும். தமிழில் அடைகள் தாம் தழுவும் சொல்லுக்கு இடப்பக்கம் நிற்கின்றன. எனவே ஒவ்வோர் அடையையும் தொட்டு, அதன் வலப்பக்கத்தில் அது தழுவக்கூடிய சொற்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். "நேற்று" என்பதற்கு வலப்பக்கம் இரண்டு வினைகள். "பெரிய வீட்டின் கதவு" என்றால் "பெரிய" வீட்டையும் தழுவலாம், கதவையும் தழுவலாம். "பழைய புத்தகங்களும் நாளிதழ்களும்" என்பதில் நாளிதழ்கள் பழையவையா என்று சொல்ல முடியாது. வலப்பக்கம் ஒரே ஒரு சொல் தகுதியாக இருந்தால் மட்டுமே ஒரு விடை போதும்.

இருபொருள் வாக்கியம் கிடைத்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டாம், தாளிலேயே அதுதான் பயனுள்ள வினா. சொற்களை மாற்றி ஒரு பொருளாக்க முயல்வதும் வேண்டாம். "வந்த பையனைக் கண்ணன் நேற்று பார்த்தான்" என்றால் பொருள் தெளிவாகிறது, ஆனால் வாக்கியம் விதிகளுக்கு வெளியே போய்விடுகிறது. அதைவிட, வாக்கியத்துக்குக் கீழே "பொருள்: பையன் வந்தது நேற்று" என்று ஒரு வரி சேர்த்து ஒரு மரம் கேட்கலாம். அல்லது இரண்டு பொருளையும் மாணவரே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம் வரையச் சொல்லலாம். விடைப்பகுதியிலும் மரத்துக்கு மேலே பொருள் வரி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தன் மரம் எந்தப் பொருளுக்கு உரியது என்று மாணவரால் ஒப்பிட முடியாது.

தாளை அடுக்கும்போது நேரும் தவறு ஒன்று மீதி இருக்கிறது. வாக்கியம், அதன் அடைப்புக்குறி வடிவம், மரம் வரைய வெற்றிடம் என மூன்றையும் ஒரே வரிசையில் அச்சிட்டால், அடைப்புக்குறி வடிவமே விடையைச் சொல்லிவிடும். மாணவர் அமைப்பை ஆராயாமல் குறிகளைக் கோடுகளாக மாற்றுவார். கிளைகளை மட்டும் வரைந்து கணுக்களை நிரப்பச் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான். எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பதைக் கிளைகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. குறிகளிலிருந்து மரம் வரையும் பயிற்சி முதல் பக்கத்தில் இரண்டு மூன்று வாக்கியங்களோடு நின்றுவிடலாம். அதன் பிறகு வெறும் வாக்கியம் மட்டும், மரத்துக்கு அரைப் பக்கம் இடம், குறிகளுக்கு இரண்டு வரி. விடைகள் தனித்தாளில். நேற்று வந்த பையன் இப்போது என் தாளின் கடைசி வினாவாக, கீழே இரண்டு அரைப் பக்க வெற்றிடங்களோடு இருக்கிறான்.