"பேப்பர் போட்டுட்டீங்களாமே?" என்று கேட்டால் என்ன பதில் எழுதுவது?

அப்ரைசல் நேரம். இரண்டு நாள் லீவு முடிந்து ஆபீஸுக்கு வந்திருக்கிறீர்கள். பக்கத்து டீமில் இருப்பவர் சாட்டில் கேட்கிறார்: "என்னங்க, பேப்பர் போட்டுட்டீங்களாமே? எல்லாரும் பேசிக்கிறாங்க." நீங்கள் ராஜினாமா எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சை நம்பி மேனேஜர் புது ப்ராஜெக்டில் உங்களைச் சேர்க்காமல் விட்டுவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் பதில் சொல்லியாக வேண்டும்.

1. சாட் பெட்டிக்கு வெளியே எழுதுங்கள்

பெரும்பாலான சாட்களில் நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது எதிர்ப்பக்கம் தெரியும். எழுதி எழுதி அழித்தால் அதுவே அடுத்த வதந்திக்குத் தீனி. நோட்பேடில் எழுதி, பிறகு ஒட்டுங்கள்.

2. முதலில் வந்ததை வெட்டுங்கள்

கோபத்தில் வருவது இப்படித்தான் இருக்கும்:

"யாருங்க இதைக் கிளப்பி விட்டது? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதான் லீவு. நான் எங்கேயும் போகப் போறதில்ல!"

முதல் வரி போகட்டும். "யார் சொன்னது?" என்றதும் கேட்டவர் பயந்து வாயை மூடிக்கொள்வார், நீங்கள் கொதிக்கிறீர்கள் என்ற செய்தி மட்டும் பரவும். அம்மாவின் ஆபரேஷனும் வேண்டாம். யாரும் கேட்காத விளக்கம் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.

மூன்றாவது வரிதான் ஆபத்து. "போடவில்லை" என்பது இன்றைய நிலவரம். "போகப் போவதில்லை" என்பது வாக்குறுதி. நாளைக்கே நல்ல ஆஃபர் வந்தால் இந்த ஸ்க்ரீன்ஷாட் உங்களைப் பொய்யராக்கிவிடும். வேறு இடத்தில் இன்டர்வியூ போய்க்கொண்டிருந்தாலும் "போடவில்லை" என்பது உண்மையாகவே இருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

3. அனுப்ப வேண்டியது

"என்கிட்டயே கேட்டது நல்லதாப் போச்சுங்க. நான் பேப்பர் போடல. வேற யாராவது கேட்டாலும் இதையே சொல்லிடுங்க. மேனேஜர் காதுக்கும் போயிருக்கா?"

கடைசிக் கேள்வியை மட்டும் விடாதீர்கள். யார் கிளப்பினார் என்பதைவிட எதுவரை போயிருக்கிறது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் தகவல்.

"அப்போ லீவு எதுக்கு?" என்று தோண்டுவார். "வீட்டு வேலைங்க" என்றதோடு நிறுத்துங்கள். மறுபடி கேட்டாலும் அதே இரண்டு வார்த்தைதான்.

4. மேனேஜரிடம் நேரில்

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எப்படியிருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "நான் ரிசைன் பண்ணிட்டதா ஒரு பேச்சு ஓடுதாம். அப்படி எதுவும் இல்லைங்க." டீம் குரூப்பில் மறுப்பு போடாதீர்கள், கேள்விப்படாதவர்களுக்கும் நீங்களே சொன்னதாகிவிடும்.

இதெல்லாம் வேலை பற்றிய வதந்திக்குத்தான். ஒழுக்கத்தை இழுத்துப் பேசினால் சாட்டில் விளக்கம் தர வேண்டாம். தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பெண்களைப் பற்றிய ஆபாசப் பேச்சு என்றால் பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அங்கே 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.